ஓகேவா, ரிஜெக்டா? கண்ணால் பார்த்துச் சொல்பவர்களைச் சோதித்த கதை

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் ஃபேக்டரி வாசனையோட இருக்கும். சென்னைக்கு வெளியே ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ல போய் வர்றவங்க நம்ம லிஸனர்ஸ்ல நிறைய பேர் இருக்கீங்க. மத்தவங்களும் பயப்பட வேண்டாம், கணக்கு கொஞ்சம்தான் வரும், மெதுவாகவே போகலாம்.

நான் ஒரு பிளான்ட்ல குவாலிட்டி இன்ஜினியரா இருந்தப்போ நடந்தது இது. பிளான்ட் பேர் வேண்டாம். அலுமினியத்தில் வார்த்து, மெஷினிங் பண்ணி, இன்ஜினுக்கு ஒரு கவர் செய்து அனுப்புவோம். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு. அந்தக் கவரோட ஒரு முகம் இன்ஜின் மேல உட்காரும். அந்த முகத்துல சின்ன ஓட்டை இருந்தால் எண்ணெய் கசியும். வார்க்கும்போது காற்று மாட்டிக்கிட்டு உள்ளேயே நின்னுடும். அப்புறம் மெஷின்ல சீவும்போது அது ஓட்டையா வெளியே தெரியும். லைன்ல அதுக்குப் பேர் ப்ளோஹோல். விதி ரொம்ப எளிமை: சீல் ஆகும் முகத்தில் 0.5 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள ஓட்டை இருந்தால் ரிஜெக்ட். இல்லையென்றால் ஓகே.

இதை அளக்க மெஷின் கிடையாது. லைன் கடைசியில் ஒரு மேசை, மேல ஒரு லைட், அங்கே ஒரு இன்ஸ்பெக்டர். பார்ட்டை எடுத்து, திருப்பி, பார்த்து, பச்சை ட்ரேயிலோ சிவப்புத் தொட்டியிலோ போடணும். ஒரு பார்ட்டுக்கு 20 நொடி. ஒரு ஷிஃப்டுக்குச் சுமார் 1,200 பார்ட். ஒரு ஸ்கேல் தப்பா காட்டுதான்னு நாம செக் பண்ணுவோம், காலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டுவோம். இங்கே அளக்கும் கருவி மனுஷனோட கண். அதை எப்படிச் சோதிக்கிறது? அதுக்கு ஒரு முறை இருக்கு. ஆட்ரிபியூட் அக்ரிமென்ட் ஸ்டடின்னு பேர். செய்றது பெரிய விஷயமில்லை. ரிசல்ட்டைப் படிக்கிறதுலதான் நான் சறுக்கினேன். அந்தக் கதைதான் இன்னைக்கு.

இரண்டு மாசத்துல மூணு கஸ்டமர் கம்ப்ளைன்ட் வந்தது. மூணுமே எண்ணெய்க் கசிவு. பிளான்ட் ஹெட் என்னைக் கூப்பிட்டு, "இன்ஸ்பெக்ஷன்ல யாரு விடுறாங்கன்னு கண்டுபிடிங்க" என்றார். அந்த மேசையில் மாறி மாறி உட்காருகிறவர்கள் மூணு பேர். ஒருத்தர் 14 வருஷமா அதே வேலை செய்ற அக்கா. அவங்க கையைத் தாண்டி எதுவும் போகாதுன்னு பிளான்ட் முழுக்கப் பேச்சு. இரண்டாவது, பெரும்பாலும் நைட் ஷிஃப்ட் பார்க்கிற அண்ணன். மூணாவது ஒரு தம்பி, காண்ட்ராக்ட்ல சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. எல்லாரும் மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டாங்க, தம்பிதான் விடுறான்னு. அவன் காண்ட்ராக்ட் அந்த மாசக் கடைசியில் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

ஸ்டடிக்கு 50 பார்ட் எடுத்தோம். இதுல முதல் தப்பு எங்கே நடக்கும்னா, லைன்ல வர்ற 50-ஐ அப்படியே அள்ளிட்டு வர்றது. எங்க லைன்ல நூத்துக்கு இரண்டு பார்ட்தான் கெட்டது. அப்படி அள்ளினா 50-ல ஒண்ணே ஒண்ணுதான் கெட்டதா இருக்கும். இப்போ ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் ஓகேன்னு போட்டாலும் 50-ல 49 சரி. 98 சதவீதம்! ரிப்போர்ட்டும் பளபளன்னு இருக்கும். அதனால வேணும்னே தேடிப் பொறுக்கினோம்: 30 நல்லது, 20 கெட்டது. இரண்டு பக்கத்துலயும் கிட்டத்தட்டப் பாதி, எல்லைக்கோட்டுப் பக்கத்துல இருக்கிற பார்ட்கள். ஓட்டை 0.4 இருக்கும், இல்லைன்னா 0.6 இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராத பார்ட்டை மட்டும் வச்சு டெஸ்ட் எடுத்தா எல்லாரும் ஃபர்ஸ்ட் கிளாஸ்தான்.

எது நல்லது எது கெட்டதுன்னு யார் சொல்றது? கஸ்டமர் தரப்பு இன்ஜினியர் ஒருத்தர், எங்க டிசைன் ஆள் ஒருத்தர், நான். மூணு பேரும் மைக்ரோஸ்கோப்ல பார்த்து, ஓட்டையை அளந்து, டிராயிங்கைப் பக்கத்துல விரிச்சு வச்சு முடிவு பண்ணினோம். மொத்தம் 52 பார்ட் எடுத்திருந்தோம். இரண்டுல எங்க மூணு பேருக்குமே ஒத்துப்போகலை. ஓட்டை வட்டமா இல்லாம நீளமா இருந்தது. நீளத்தை அளக்கணுமா அகலத்தை அளக்கணுமான்னு டிராயிங்ல இல்லை. அந்த இரண்டையும் ஸ்டடியில் இருந்து எடுத்தோம், ஆனா தூக்கிப் போடலை. மைக்ரோஸ்கோப் வச்ச மூணு பேருக்கே தெரியாததை 20 நொடியில் ஒருத்தர் சொல்லணும்னு எதிர்பார்த்துட்டு இருந்தோம்னு அது காட்டிடுச்சு. அந்த வாக்கியத்தைத் திருத்தச் சொல்லி கஸ்டமருக்கு மெயில் போச்சு.

அப்புறம் ஓட்டம். ஒவ்வொருத்தரும் 50-ஐயும் மூணு தடவை பார்க்கணும், ஒவ்வொரு தடவையும் வரிசை கலைஞ்சிருக்கணும். ஒரு தடவைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு நாள் விட்டோம். பார்ட் நம்பர் பின்பக்கம், அவங்க கண்ணுக்குப் படாத இடத்துல. அதே மேசை, அதே லைட், அதே 20 நொடி. முதல் நாளே ஒரு காமெடி. கெட்ட பார்ட்ல ஓட்டையைச் சுத்தி நாங்க மார்க்கர்ல வட்டம் போட்டிருந்தோம். தின்னர் வச்சுத் துடைச்சும் லேசா நீலம் ஒட்டிக்கிட்டிருந்தது. "சார், நீங்களே ஆன்ஸர் எழுதி வச்சிருக்கீங்களே" என்று அண்ணன் சிரிச்சார். அந்த ரவுண்டைக் கேன்சல் பண்ணிட்டு, எல்லாப் பார்ட்டையும் கழுவிட்டு மறுபடி ஆரம்பிச்சோம். அவர் சொல்லாம இருந்திருந்தா ரிசல்ட் அமோகமா வந்திருக்கும்.

மொத்தம் 450 தீர்ப்பு. ஒவ்வொருத்தருக்கும் 150: நல்ல பார்ட் மேல 90, கெட்ட பார்ட் மேல 60. இப்போ ரிசல்ட்.

மினிடேப் மாதிரி சாஃப்ட்வேர்ல போட்டா முதல்ல வர்ற தலைப்பு `Within Appraisers`. தன்னோடு தானே ஒத்துப்போறாரா என்பதுதான் அது. ஒரே பார்ட்டுக்கு மூணு தடவையும் ஒரே பதில் சொன்னாரா? சரியா தப்பான்னு இங்கே கேள்வியே இல்லை. அக்கா 50-ல 49 பார்ட்டுக்கு ஒரே பதில். அண்ணன் 46. தம்பி 41. எதிர்பார்த்த மாதிரியே இருக்கு இல்லையா?

அடுத்தது `Each Appraiser vs Standard`. மூணு தடவையும் சொல்லி, மூணும் நாங்க வச்ச விடையோடு பொருந்திய பார்ட் எத்தனை? அண்ணன் 45, அதாவது 90 சதவீதம். அக்கா 44, 88 சதவீதம். தம்பி 38, 76 சதவீதம்.

அதோட சேர்ந்து ஒரு நம்பர் வரும், கப்பா. 1960-ல ஜேக்கப் கோஹன் என்ற உளவியலாளர் முன்வச்ச அளவு இது. இரண்டு பேர் சும்மா குருட்டாம்போக்கில் சொன்னாலே சில பதில் ஒத்துப்போகும் இல்லையா, அந்தப் பங்கைக் கழிச்சிட்டு மிச்சத்தைப் பார்ப்போம்னு சொல்றது. அக்காவோட கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கலாம். 150-ல 134 சரி, 89.3 சதவீதம். அவங்க எத்தனை தடவை ஓகே சொன்னாங்க, எத்தனை தடவை ரிஜெக்ட் சொன்னாங்க என்ற விகிதத்தை மட்டும் வச்சுக்கிட்டு, பார்ட்டைப் பார்க்காமலே சொல்லியிருந்தால்கூட 53.9 சதவீதம் பொருந்தியிருக்கும். அதைக் கழிச்சா 35.4. குருட்டுப் பதிலைத் தாண்டி எட்ட முடிந்த உச்சம், 100-ல 53.9 போக, 46.1. முதலாவதை இரண்டாவதால வகுத்தா 0.77. குருட்டாம்போக்கு என்றால் பூஜ்யம், முழுசாப் பொருந்தினா 1. முன்னே சொன்ன, கண்ணை மூடிக்கிட்டு 98 சதவீதம் வாங்கின ஆளுக்குக் கப்பா பூஜ்யம்தான். அதனாலதான் சதவீதத்தை மட்டும் நம்பக் கூடாதுன்னு சொல்றாங்க. அதுவரைக்கும் கப்பா நல்ல பையன்.

வாகனத் துறையில் எல்லாரும் புரட்டுகிற ஏ.ஐ.ஏ.ஜி.யோட எம்.எஸ்.ஏ. கையேடு, 0.75-க்கு மேல் இருந்தா நல்ல ஒப்புதல்னு ஒரு வழிகாட்டி கொடுக்குது. அண்ணன் 0.89. அக்கா 0.77. தம்பி 0.72. நான் ஸ்லைடு போட்டேன். அண்ணனுக்குப் பச்சை, அக்காவுக்குப் பச்சை, தம்பிக்கு மஞ்சள். கீழே ஒரு வரி: "மூன்றாவது இன்ஸ்பெக்டருக்குப் பயிற்சி தேவை, அதுவரை இந்த ஸ்டேஷனில் வைக்க வேண்டாம்." காண்ட்ராக்ட் ஆளை ஸ்டேஷன்ல வைக்க வேண்டாம்னு எழுதினா அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன்.

மீட்டிங்குக்கு முந்தின நாள் சாயங்காலம், ஸ்லைடை எங்க டிப்பார்ட்மென்ட் சீனியர் ஒருத்தர்கிட்ட காட்டினேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தப்பெல்லாம் எந்தப் பக்கத்துத் தப்பு?"

புரியலைன்னு நின்னேன். கெட்டதை நல்லதுன்னு சொல்றது ஒரு தப்பு. நல்லதைக் கெட்டதுன்னு சொல்றது இன்னொரு தப்பு. முதல் தப்பு கஸ்டமர்கிட்ட போகுது, இன்ஜினில் எண்ணெய் கசியுது. அதுக்கு மிஸ் என்று பேர். இரண்டாவது தப்பு நம்ம ஸ்கிராப் தொட்டியிலேயே நிக்குது, நம்ம காசு போகுது. அது ஃபால்ஸ் அலார்ம். கப்பாவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதுக்கு இரண்டும் ஒரே எடை.

பிரிச்சுப் போட்டோம். அக்கா நல்ல பார்ட் மேல 90 தடவையில் ஒரே ஒரு தடவைதான் தப்பா ரிஜெக்ட் பண்ணியிருந்தாங்க. கெட்ட பார்ட் மேல 60 தடவையில் 15 தடவை ஓகே. நாலுல ஒண்ணு, 25 சதவீதம். தம்பி இதுக்கு நேர்மாறு: நல்லதுல 90-க்கு 19 தப்பு, 21 சதவீதம், கெட்டதுல 60-க்கு இரண்டே இரண்டு, 3.3 சதவீதம். அண்ணன் நடுவுல: கெட்டதுல 60-க்கு 5 விட்டிருந்தார், நல்லதுல 90-க்கு 3.

அந்த மேசை முன்னாடி நான் கொஞ்ச நேரம் பேசாம இருந்தேன். அதே கையேடு மிஸ்ஸுக்கு 2 சதவீதம் வரை சரி, 5-ஐத் தாண்டினா ஏத்துக்க முடியாதுன்னு சொல்லுது. ஃபால்ஸ் அலார்முக்கு 5 வரை சரி, 10-ஐத் தாண்டினா முடியாது. அப்படிப் பார்த்தா நான் பச்சை போட்ட அக்காவோட 25 சதவீதம் பயங்கரமான சிவப்பு. கம்ப்ளைன்ட் எண்ணெய்க் கசிவு. வெளியே போய்க்கிட்டிருந்தது கெட்ட பார்ட். கெட்ட பார்ட்டை மத்த யாரையும் விட நல்லா பிடிச்சுக்கிட்டிருந்தவனை வெளியே அனுப்ப ஸ்லைடு ரெடி பண்ணி வச்சிருந்தேன்.

இன்னொண்ணையும் கவனிச்சோம். அக்காவோட 15 மிஸ்ஸும் ஐந்தே பார்ட். அந்த ஐந்தையும் மூணு தடவையும் ஓகேன்னு சொல்லியிருக்காங்க. இது கண் தப்பு மாதிரி இல்லை. கண்ணு தவறவிட்டிருந்தா ஒரு தடவை பிடிப்பாங்க, ஒரு தடவை விடுவாங்க. மூணு தடவையும் அதே தப்பு வந்தா அவங்க அதைப் பார்த்திருக்காங்க, பார்த்துட்டு சரின்னு முடிவு பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். தன்னோடு தான் ஒத்துப்போறதுல அவங்க 49 வாங்கினது இதனாலயும்தான்.

மறுநாள் மீட்டிங்கைத் தள்ளி வச்சிட்டு, ஒன்பது தீர்ப்பும் ஒரே மாதிரி வராத பார்ட்களை எடுத்து வரிசையா மேசையில் வச்சோம். 50-ல 35 பார்ட்டுக்கு மூணு பேரும் எல்லாத் தடவையும் சரியான பதில். பிரச்சினை முழுக்க மிச்சம் 15-ல. ஐந்து கெட்டது, பத்து நல்லது. இந்த ஸ்டடியை எத்தனையோ பேர் பண்றாங்க, கப்பாவைக் குறிச்சுக்கிட்டு ஆடிட்டுக்கு ஃபைல் போட்டுட்டு பார்ட்டைக் கழுவி லைன்ல திருப்பி விட்டுடறாங்க. பதில் இருக்கிறதே அந்தப் பார்ட்கள்லதான்.

முதல்ல அந்த ஐந்து கெட்டது. ஐந்துலயும் ஓட்டை போல்ட் துளைக்குப் பக்கத்துல, துளை விளிம்பில் இருந்து மூணு மில்லிமீட்டருக்குள்ள இருந்தது. அக்காவை அழைச்சு, எந்த ஸ்டடி என்ன ரிசல்ட்னு எதுவும் சொல்லாம, "அக்கா, இதை ஏன் ஓகேன்னு சொல்வீங்க?" என்று கேட்டேன். அவங்க யோசிக்கவே இல்லை. "போல்ட் பக்கம் மூணு மில்லிமீட்டர் விட்டுடலாம்ப்பா. அங்கே இறுக்கம் ஜாஸ்தி, கசியாது. போர்டுல இருக்கே."

போர்டுல இருந்தது. அந்த ஸ்டேஷன் சுவர்ல ஒரு லிமிட் சாம்பிள் போர்டு தொங்கும். நிஜப் பார்ட் துண்டுகளை ஒட்டி, இது வரை ஓகே, இதுக்கு மேல ரிஜெக்ட்னு காட்டும். அதுல போல்ட் பக்கத்து ஓட்டைக்குப் பச்சை ஸ்டிக்கர். அது ஒரு காலத்துல சரி. அப்போ அந்த முகத்துக்கு நடுவுல பேப்பர் கேஸ்கெட் வச்சு இறுக்குவாங்க. இரண்டு வருஷத்துக்கு முன்னாடி டிசைன் மாறிடுச்சு. இப்போ கேஸ்கெட் இல்லை, பேஸ்ட் மாதிரி சீலன்ட்டை மெல்லிய கோடா ரோபோ போடுது. அந்தக் கோடு போல்ட் துளையை ஒட்டித்தான் வளைஞ்சு போகுது. அந்த இடத்துல ஓட்டை இருந்தா எண்ணெய் கோட்டுக்கு அடியிலேயே வழி கண்டுபிடிச்சுடும். டிராயிங்ல திருத்தம் வந்தது. வேலை விவரத் தாளிலும் மாத்தினோம். சுவர்ல இருந்த போர்டை யாரும் மாத்தலை. மாத்த வேண்டியது எங்க டிப்பார்ட்மென்ட்.

தம்பி எப்படிப் பிடிச்சான்? அவன் சேர்ந்ததே ஆறு மாசம் முன்னாடி. புதுத் தாளைப் படிச்சுத்தான் தேர்வு எழுதினான். பழைய விதி ஒண்ணு இருந்ததே அவனுக்குத் தெரியாது. அக்கா 15 தடவையும் விட்ட அந்த ஐந்து பார்ட்ல, அவன் 13 தடவை பிடிச்சிருந்தான். அண்ணன் தாளையும் படிச்சிருந்தார், போர்டையும் பார்த்திருந்தார். அதான் அவர் 10 தடவை பிடிச்சு 5 தடவை விட்டிருந்தார். அவர் தடுமாற்றத்துக்குக் காரணமும் அதேதான்.

அடுத்தது தம்பி ரிஜெக்ட் பண்ணின பத்து நல்ல பார்ட். கையில எடுத்துச் சாய்ச்சுப் பார்த்தா தெரிஞ்சது, எல்லாத்துலயும் சின்னச் சின்ன வட்டக் கறை. கூலன்ட் துளி காய்ஞ்ச தடம். மேல இருந்து விழற லைட்ல அது அப்படியே கறுப்பு ஓட்டை மாதிரி இருக்கும். அக்காவும் அண்ணனும் சந்தேகம் வந்தா கட்டை விரலால ஒரு தேய் தேய்ப்பாங்க; கறைன்னா போயிடும், ஓட்டைன்னா நிக்கும். இது எந்தத் தாளிலும் எழுதலை, பழக்கத்துல வந்தது. தம்பி ஏன் தேய்க்கலைன்னு கேட்டேன். "சீல் முகத்தைக் கையால தொடக் கூடாதுன்னு தாள்ல போட்டிருக்கு சார்" என்றான். போட்டுத்தான் இருந்தது.

ஆக, ஸ்டடி சொன்னது இதுதான்: அக்கா போர்டு சொன்னபடி செஞ்சாங்க, தம்பி தாள் சொன்னபடி செஞ்சான். "பயிற்சி தேவை" என்று நான் எழுதின அந்த வரி இரண்டு பேருக்குமே பொருந்தாது.

இங்கே ஒரு நிமிஷம். இந்த நம்பர்களை எவ்வளவு தூரம் நம்பலாம்னு கேட்டு எப்பவும் கமென்ட் வரும், அதனால முன்னாடியே சொல்லிடறேன். அண்ணன் 90, அக்கா 88 என்றேன். இதுல யார் பெட்டர்? சொல்லவே முடியாது. 50 பார்ட்ல 44 சரின்னா, 95 சதவீத நம்பக எல்லை ஏறக்குறைய 76-ல இருந்து 95 வரைக்கும் விரியுது. 45 சரின்னா 78-ல இருந்து 97. இரண்டும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக் கிடக்கு. சாஃப்ட்வேர் இந்த எல்லையைக் கோடு போட்டுக் காட்டும், அதைப் பார்க்காம நடுப் புள்ளியை மட்டும் பார்த்து ரேங்க் போடறதுதான் வழக்கம். மிஸ்ஸும் அப்படித்தான். ஸ்டடியில் இருந்த கெட்ட பார்ட் 20-தான். ஒவ்வொண்ணையும் மூணு தடவை பார்த்ததால 60 தீர்ப்புன்னு சொல்றோமே தவிர, ஒரே பார்ட்டை மூணு தடவை பார்க்கிறது மூணு வேற பார்ட்டைப் பார்க்கிறதுக்குச் சமமில்லை. 20 கெட்ட பார்ட்டையும் ஒருத்தர் பிடிச்சிட்டார்னே வச்சுக்குவோம், ஒரு மிஸ்கூட இல்லை. அப்பவும் அவர் நிஜ மிஸ் 14 சதவீதம் வரை இருக்கலாம்னு கணக்கு சொல்லும். "எங்க இன்ஸ்பெக்டர் மிஸ் 2 சதவீதத்துக்குக் கீழே" என்று 20 கெட்ட பார்ட் வச்சு நிரூபிக்கவே முடியாது. நிரூபிக்கணும்னா நூத்துக்கு மேல கெட்ட பார்ட் வேணும். ஆனா யாரோ ஒருத்தர் ஐந்து பார்ட்டை மூணு மூணு தடவை விடறார்னு காட்ட 20 தாராளமாப் போதும். இந்த ஸ்டடி கோளாறைக் கண்டுபிடிக்கும். கோளாறே இல்லைன்னு சான்று கொடுக்கிற அளவுக்கு அதுக்குப் பலம் இல்லை.

இன்னொரு பொறி. தம்பி 21 சதவீதம் நல்லதைத் தூக்கிப் போடறான்னா, ஷிஃப்டுக்கு வர்ற 1,176 நல்ல பார்ட்ல 247 சிவப்புத் தொட்டிக்குப் போகணுமே? எங்க மேனேஜர் இதைக் கணக்குப் போட்டு ரூபாய்ல மாத்திக்கூட வச்சிருந்தார். ஆனா தம்பி ஷிஃப்ட்ல தொட்டியில நிஜமா இருந்தது தினமும் 50, 60 பார்ட்தான், அதுல நிஜமாவே கெட்டதும் சேர்த்தி. காரணம், ஸ்டடிக்கு நாங்க கஷ்டமான பார்ட்டாப் பொறுக்கினோம். லைன்ல வர்றதுல பெரும்பாலானது சுத்தமா, சந்தேகமே இல்லாம இருக்கும். அதனால ஸ்டடியில வர்ற மிஸ்ஸையும் ஃபால்ஸ் அலார்மையும் அப்படியே எடுத்து லைனுக்குப் பெருக்கக் கூடாது. அக்காவோட 25 சதவீதத்துக்கும் இது பொருந்தும். நாங்க போல்ட் பக்கத்து ஓட்டை உள்ள ஐந்தை எடுத்ததால 25. இரண்டு எடுத்திருந்தா 10 ஆகியிருக்கும். ஒண்ணுமே எடுக்கலைன்னா பூஜ்யம், நான் அந்தப் பழைய ஸ்லைடையே காட்டியிருப்பேன். கம்ப்ளைன்ட்ல திரும்பி வந்த பார்ட்களைப் பார்த்துப் பொறுக்கினதால அந்த ஐந்து உள்ளே வந்தது. அதனாலதான் எந்த ஸ்டடி ரிப்போர்ட் கையில வந்தாலும், நம்பருக்கு முன்னாடி 50 பார்ட்டும் என்னென்ன வகைன்னு இப்போ நான் கேட்கிறேன்.

அப்புறம் என்ன ஆச்சு? போர்டு அன்னைக்கே இறங்கிடுச்சு. புதுப் போர்டுக்குத் துண்டு வெட்டினது அந்த 15 பார்ட்ல இருந்துதான். தாள்ல "சீல் முகத்தைத் தொடக் கூடாது" என்பதுக்குக் கீழே, சந்தேகம் வந்தா பஞ்சு நுழையாத துணியால ஒரு தடவை துடைத்துப் பார்க்கணும்னு சேர்த்தோம். துணியை மேசையில் கொக்கி போட்டு மாட்டினோம். மேல இருந்து விழற லைட்டோட, பக்கவாட்டில் சாய்வா ஒண்ணு வச்சோம். சாய்வான வெளிச்சத்துல ஓட்டைக்கு நிழல் விழும், கறைக்கு விழாது. தம்பி காண்ட்ராக்ட் புதுப்பிச்சாச்சு. அந்தப் பழைய ஸ்லைடு பத்தி அவனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இந்த எபிசோடைக் கேட்டா தெரிஞ்சுக்குவான்.

அக்காகிட்ட சொல்றதுதான் கஷ்டமா இருந்தது. "இரண்டு வருஷமா தப்பாவா அனுப்பிட்டு இருந்தேன்?" என்று ஒரே கேள்வி. போர்டை மாத்தாதது நாங்கதான்னு சொன்னேன். அவங்க அதுக்கு எதுவும் சொல்லலை. மறுநாள் காலையில் பழைய போர்டு எங்கேன்னு கேட்டு வந்தாங்க. ஸ்டோர்ல இருக்குன்னேன். "அதை உடைச்சுப் போடுங்க, இல்லைன்னா யாராவது எடுத்து மாட்டிடுவாங்க" என்றாங்க.

ஆறு வாரம் கழிச்சு, வேற 50 பார்ட் வச்சு மறுபடி ஸ்டடி போட்டோம். அதே பார்ட்னா ஞாபகம் இருக்கும் இல்லையா. போல்ட் பக்கத்து ஓட்டை உள்ளது ஆறு சேர்த்திருந்தோம். அக்கா ஆறையும் மூணு தடவையும் பிடிச்சாங்க. தம்பியோட ஃபால்ஸ் அலார்ம் 90-க்கு 4-ஆ இறங்கிடுச்சு. இந்தத் தடவை மூணு பேரும் தடுமாறினது ஒரே வகைப் பார்ட்ல: நீளமான ஓட்டை. மாசக் கணக்கா கஸ்டமர்கிட்ட இருந்து பதில் வராத அதே கேள்வி. நீளத்தை அளக்கணுமா, அகலத்தை அளக்கணுமா? அந்த ரிப்போர்ட்டையே இணைச்சு இரண்டாவது மெயில் போட்டேன். நாலாவது நாள் பதில் வந்தது: நீளத்தை.